மின்கசிவுதான் காரணமா? ஒரு விபத்தின் காரணங்களைக் கூட்டாக எழுதும் முறை

கடையோ குடோனோ எரிந்துபோனால் மறுநாள் செய்தியின் கடைசி வரி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: மின்கசிவே தீ விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதே வாரம் அதே ஊரில் வேறு எத்தனையோ கட்டடங்களில் வயர் உரசித் தீப்பொறி பறந்திருக்கும். சில இடங்களில் எம்.சி.பி. பட்டென்று விழுந்திருக்கும். சில இடங்களில் கருகிய வாடை வந்து யாரோ மெயினை அணைத்திருப்பார்கள். அங்கெல்லாம் எதுவும் எரியவில்லை. ஆக, மின்கசிவு மட்டும் தீப்பிடிக்கப் போதாது. சரி, அது கட்டாயம் வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. அணைக்காமல் போட்ட பீடித் துண்டு ஒன்றே அந்தக் குடோனை எரித்திருக்க முடியும்.

போதவும் போதாது, கட்டாயமும் இல்லை. அப்படியானால் எந்த அர்த்தத்தில் அதைக் காரணம் என்கிறோம்? ஜே. எல். மேக்கி என்ற தத்துவவாதி 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய உதாரணமும் மின்கசிவால் எரிந்த வீடுதான். அவர் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், காரணங்கள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டாக வருகின்றன. மின்கசிவு, பக்கத்தில் அட்டைப்பெட்டிகள், எம்.சி.பி. இல்லாத போர்டு, ஆளில்லாத இரவு: இந்த நான்கும் சேர்ந்தால் தீ நிச்சயம். இது ஒரு கூட்டு. கூட்டு முழுவதும் சேர்ந்தால் போதும். அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கூட்டுக்குத் தேவை, ஒன்றை உருவினாலும் கூட்டு வேலை செய்யாது. ஆனால் தீப்பிடிக்க அந்தக் கூட்டு ஒன்றுதான் வழி என்றில்லை. பீடித் துண்டு, பஞ்சு மூட்டை, வீசிய காற்று என்று இன்னொரு கூட்டும் இருக்கலாம். இப்படித் தனியே போதாத, ஆனால் தன் கூட்டுக்குள் தவிர்க்க முடியாத உறுப்பைத்தான் அன்றாடப் பேச்சில் காரணம் என்கிறோம். எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

```
தீ = (மின்கசிவு + அட்டைப்பெட்டி + எம்.சி.பி. இல்லாமை + ஆளில்லாமை)
     அல்லது (பீடித் துண்டு + பஞ்சு மூட்டை + காற்று)
     அல்லது ...
```

இதை வைத்துக்கொண்டு உண்மையான ஒரு தோல்வியைப் படிப்படியாகப் பிரிப்போம். நான் எடுப்பது நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பர் 11-இல் ஏவப்பட்டு, 1999 செப்டம்பர் 23-இல் செவ்வாயை அடைந்த அன்றே காணாமல் போன விண்கலம். “மெட்ரிக் அளவையும் பவுண்டு அளவையும் குழப்பிக்கொண்டார்கள், கலம் போய்விட்டது” என்று ஒரே வரியில் பலரும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒற்றைக் காரணக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

படி 1: எது நடந்தது என்பதை இறுக்கமாக எழுதுங்கள்

“விண்கலம் தொலைந்தது” என்று எழுதினால் காரணம் தேட முடியாது, அது மிகவும் அகலம். இரண்டு எண்களை வைத்து எழுதினால் கேள்வி கூர்மையாகும். கலம் செவ்வாயை மிக நெருங்கும் இடத்தில் 226 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். பின்னால் கணக்கிட்டபோது அது சுமார் 57 கிலோமீட்டரில் போயிருப்பது தெரிந்தது. 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கலம் தாங்காது என்பது அப்போதைய மதிப்பீடு. எஞ்சின் எரியத் தொடங்கியபின் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது. எதிர்பார்த்ததைவிட 49 விநாடி முன்னதாகவே சிக்னல் நின்றுவிட்டது. அப்புறம் அது வெளியே வரவேயில்லை.

ஆக, நம் நிகழ்வில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. கலம் ஏன் 169 கிலோமீட்டர் தாழ்வாகப் போனது? ஒன்பது மாதப் பயணத்தில் அதை ஏன் யாரும் திருத்தவில்லை? இரண்டாவது கேள்வியைத் தனியாக எழுதாவிட்டால், தடுத்திருக்கக்கூடியவை எதுவும் பட்டியலில் ஏறாது. நான் பார்த்த பெரும்பாலான விசாரணைக் குறிப்புகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுபவை.

படி 2: உறுப்புகளை நிலைமையாக எழுதுங்கள், குற்றமாக அல்ல

“கவனக்குறைவு”, “ஒருங்கிணைப்பு இல்லை” போன்ற சொற்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றை உருவிப் பார்த்துச் சோதிக்க முடியாது. ஒருவர் கேமரா வைத்துப் பதிவு செய்திருந்தால் தெரிந்திருக்கும் அளவுக்கு ஒவ்வொன்றும் திட்டவட்டமாக இருக்க வேண்டும். ஆர்பிட்டருக்கு நான் எழுதும் பட்டியல் இது.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்தது. கலம் தன் சிறு உந்திகளை எரிக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு உந்தம் கிடைத்தது என்பதைத் தரையிலிருந்த ஒரு நிரல் கணக்கிட்டுக் கோப்பாகத் தந்தது. ஒப்பந்த விவரக்குறிப்பு நியூட்டன்-விநாடியில் கேட்டது. லாக்ஹீட் மார்ட்டின் தரப்பில் எழுதிய அந்த நிரல் பவுண்டு-விநாடியில் தந்தது. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பாதையைக் கணித்தவர்கள் அந்த எண்ணை நியூட்டன் என்று நம்பிப் படித்தார்கள். ஆகவே உந்திகளின் விளைவை உண்மையில் இருந்ததைவிட 4.45 மடங்கு குறைவாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கலத்தின் உருவம். அதன் சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் அந்த ஒரு பக்கத்தை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. அதைச் சமாளிக்க உள்ளே சுழலும் சக்கரங்கள் உண்டு. அவை சுமையால் நிரம்பும்போது உந்திகளை எரித்துச் சுமையை இறக்க வேண்டும். பாதைக் குழு எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு அதிக முறை இப்படி எரிக்க வேண்டியிருந்தது. கலத்தை நாள்தோறும் 180 டிகிரி திருப்பிவிட்டால் தள்ளுதல் ஒன்றையொன்று கழித்துவிடும் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அதைக் கைவிட்டார்கள்.

மூன்றாவது, பிழை தெரியாத திசை. பூமியிலிருந்து ரேடியோ சிக்னலை வைத்து ஒரு கலம் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை மிகத் துல்லியமாக அளக்கலாம். பக்கவாட்டு நகர்வை அப்படி அளக்க முடியாது. இந்தச் சிறு எரிப்புகளின் தள்ளுதல் பெரும்பாலும் பக்கவாட்டில் இருந்தது.

நான்காவது, முதல் நான்கு மாதம் அந்தக் கோப்புகளைப் பயன்படுத்தவே முடியவில்லை. கோப்பின் வடிவமைப்பில் வேறு பிழைகள் இருந்தன. எரிப்பு எப்போது நடந்தது என்ற தகவலை மின்னஞ்சலில் வாங்கிக் குழு சமாளித்தது. 1999 ஏப்ரலில்தான் கோப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன.

ஐந்தாவது, எண்கள் சரியில்லை என்பது ஒரு வாரத்துக்குள்ளேயே தென்பட்டது. ஆனால் அந்தச் சந்தேகம் மின்னஞ்சலிலும் பேச்சிலும் நின்றது. முரண்பாடுகளைப் பதிவு செய்து, முடிவு வரும்வரை துரத்தும் முறையான படிவத்துக்குள் அது ஏறவில்லை.

ஆறாவது, கடைசித் திருத்தம். ஐந்தாவது பாதைத் திருத்தம் என்று ஒரு வாய்ப்பு கையில் இருந்தது. கடைசி வாரத்தில் கணிப்பு 150 முதல் 170 கிலோமீட்டர் என்று இறங்கியிருந்தது, ஒரு நாள் முன்னால் 110 ஆனது. அதைப் பற்றிப் பேசினார்கள், செய்யவில்லை. அதற்கான தயாரிப்பும் முழுமையாக இல்லை.

படி 3: ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்

மற்றவை அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, கலம் அப்போதும் அழிந்திருக்குமா என்று கேளுங்கள். இங்கே ஊகிக்காமல் முடிந்தவரை எண்ணால் பதில் சொல்ல வேண்டும்.

அலகுப் பிழையை உருவினால் கணக்கு சரியாகிவிடும், கலம் பிழைக்கும். இது எளிது. எனக்குச் சுவாரசியமானது இரண்டாவது உறுப்புதான். தகடு இரு பக்கமும் சமமாக இருந்தது, அலகுப் பிழை அப்படியே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். எரிப்புகள் பத்தில் ஒரு பங்காகக் குறையும். சேரும் பிழையும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். 169 கிலோமீட்டர் விலகல் 17 கிலோமீட்டர் ஆகும். அதாவது கலம் 226-க்குப் பதில் 209 கிலோமீட்டரில் போகும். இது மனக்கணக்குதான், பாதைக் கணிதம் இவ்வளவு நேர்கோட்டில் நடக்காது. ஆனாலும் 209-க்கும் 80-க்கும் இடையே இடம் தாராளமாக இருக்கிறது. அதே பவுண்டு, அதே நியூட்டன், அதே நிரல். கலம் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும், பிழை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம்.

இதனால்தான் “அலகுக் குழப்பம் கலத்தை அழித்தது” என்ற வரி எனக்கு உறுத்துகிறது. அலகுக் குழப்பம் ஒரு தீப்பொறி. ஒற்றைத் தகடுதான் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டி.

மீதியையும் உருவலாம். எரிப்பின் தள்ளுதல் பூமியை நோக்கிய திசையில் இருந்திருந்தால் சில வாரங்களிலேயே அளவீடு காட்டிக்கொடுத்திருக்கும். கோப்புகள் முதல் நாளே சரியாக வந்திருந்தால் சந்தேகத்தைத் துரத்த இன்னும் நான்கு மாதம் கிடைத்திருக்கும். ஆனால் இது மற்றவற்றைப் போல உறுதியாக நிற்காது, நேரம் கிடைத்தும் துரத்தாமல் விட்டிருக்கலாம். இப்படி ஓர் உறுப்பு தடுமாறினால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், மற்றவற்றோடு சமமாக வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். படிவம் நிரப்பியிருந்தால்? பெரும்பாலும் பிடிபட்டிருக்கும். ஐந்தாவது திருத்தம் செய்திருந்தால்? உயரத்தைத் தூக்கியிருக்கலாம், 80-ஐத் தாண்ட அதிகம் வேண்டியதில்லை.

கடைசி இரண்டும் நடந்தவை அல்ல, நடக்காதவை. குடோனில் எம்.சி.பி. இல்லாததைப் போல. இப்படி இல்லாமைகளையும் உறுப்பாக எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். எழுதலாம், ஒரு நிபந்தனையோடு: அந்த இடத்தில் அது இருந்திருக்க வேண்டும் என்று யாரோ முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். படிவமும் ஐந்தாவது திருத்தமும் திட்டத்திலேயே இருந்தவை. “வேறு ஒரு மேதை இருந்திருந்தால்” என்பது திட்டத்தில் இல்லை, அதை எழுதாதீர்கள்.

படி 4: கூட்டு போதுமா என்று கேளுங்கள்

இதைப் பலரும் தாண்டிவிடுவார்கள். உருவிப் பார்ப்பது ஒவ்வொரு உறுப்பும் தேவையா என்பதை மட்டும் சொல்லும். எல்லாம் சேர்ந்தால் போதுமா என்பது வேறு கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்து ஓர் உலகத்தை அமையுங்கள். அந்த உலகத்தில் கலம் பிழைப்பதற்கு ஏதாவது ஒரு கதை சொல்ல முடிகிறதா? முடிந்தால் ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கிறது.

ஆர்பிட்டரில் சொல்ல முடிகிறது. ஏவுவதற்கு முன்னால் நிரலைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓட்டி, விவரக்குறிப்போடு ஒப்பிட்டிருந்தால் பவுண்டு அன்றே வெளியே வந்திருக்கும். அப்படி ஒரு சோதனை நடக்கவில்லை என்பது பட்டியலில் ஏற வேண்டும். இன்னொரு கதை: கலத்தின் வடிவத்தை நன்றாக அறிந்த பாதை நிபுணர் ஒருவர் இருந்திருந்தால், எரிப்புகள் இவ்வளவு அதிகமாக இருப்பதைப் பார்த்துக் கோப்பை நம்பாமல் இருந்திருப்பார். ஆனால் பாதைக் குழு கலத்தின் வடிவமைப்புக் கட்டத்தில் இல்லை. அவர்களுக்குப் பழகியது முந்தைய கலமான மார்ஸ் குளோபல் சர்வேயர், அதன் தகடுகள் இரு பக்கமும் சமமானவை. ஆக, மேலும் இரண்டு உறுப்புகள் கிடைத்தன. இவற்றைச் சேர்த்தபின் பிழைக்கும் கதை சொல்வது கடினமாகிறது. அங்கே நிறுத்தலாம்.

ஆர்தர் ஸ்டீபன்சன் தலைமையிலான விசாரணைக் குழு 1999 நவம்பரில் தந்த அறிக்கை அலகுப் பிழையை மூல காரணம் என்று பெயரிட்டது. அதோடு நிற்காமல் துணைக் காரணங்கள் என்று ஒரு பட்டியலும் தந்தது. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். “துணை” என்ற சொல்லில்தான் எனக்குச் சங்கடம். உருவிப் பார்க்கும் சோதனையில் ஒற்றைத் தகடும் அலகுப் பிழையும் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன. ஒன்றை மூலம் என்றும் மற்றதைத் துணை என்றும் பிரிக்க அந்தச் சோதனையில் எதுவும் இல்லை. அந்தப் பிரிப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது.

படி 5: எதைக் காரணம் என்று அழைக்கிறீர்கள், ஏன் என்று வெளிப்படையாக எழுதுங்கள்

குடோன் எரிய ஆக்ஸிஜனும் வேண்டும். யாரும் அதைக் காரணம் என்பதில்லை, ஏனென்றால் அது எரியாத குடோனிலும் இருந்தது. செவ்வாயின் ஈர்ப்பும் அப்படித்தான். ஒப்பிடும்போது மாறாமல் இருப்பதைப் பின்னணியில் தள்ளிவிட்டு, மாறியதைக் காரணம் என்கிறோம். இது நியாயமான பழக்கம். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஆர்பிட்டரை அதன் விவரக்குறிப்போடு ஒப்பிட்டால் அலகு காரணமாகத் தெரியும். வெற்றிகரமாகப் போன சர்வேயரோடு ஒப்பிட்டால் தகடும் கைமாறிய குழுவும் கண்ணில் படும். ஆகவே அறிக்கையில் “காரணம்” என்று எழுதும் இடத்தில் “எதோடு ஒப்பிட” என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டத்தில் நடக்கும் சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

பணப் பற்றாக்குறை போன்றவற்றை எங்கே வைப்பது? அந்தக் காலத்தில் நாசாவின் தாரக மந்திரம் வேகம், சிறப்பு, சிக்கனம். பின்னர் தாமஸ் யங் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு, அந்தத் திட்டத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் நிதி குறைவாக இருந்தது என்றது. ஆனால் நிதியை நேரடியாக நம் கூட்டுக்குள் போட்டால் உருவிப் பார்க்க முடியாது, எல்லாவற்றையும் அது தொடுகிறது. அதை ஒரு படி பின்னால் வையுங்கள். “முழுச் சோதனை நடக்கவில்லை” என்பதையே ஒரு நிகழ்வாக எடுத்து, அதற்கென்று தனிக் கூட்டு எழுதுங்கள். ஆள் குறைவும் அவசரமும் அங்கே உறுப்புகளாக வரும். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம், முடிவு கிடையாது. யாராவது ஒருவர் வேறுவிதமாகத் தீர்மானித்திருக்கக்கூடிய இடம் வந்ததும் நான் நிறுத்திவிடுவேன்.

முறை எங்கே தடுமாறும்

ஒரே இரவில் மின்கசிவும் பீடித் துண்டும் இரண்டு பக்கம் தீ வைத்தால், மின்கசிவை உருவினாலும் குடோன் எரியும், பீடியை உருவினாலும் எரியும். சோதனைப்படி இரண்டுமே தேவையில்லை என்று பதில் வரும், அது அபத்தம். உங்கள் பட்டியலில் எதை உருவினாலும் நிகழ்வு நடக்கிறது என்றால், நீங்கள் இரண்டு முழுக் கூட்டுகளை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள். பிரித்து எழுதிவிட்டு மறுபடி உருவுங்கள். இன்னொன்று, இந்த முறை உண்டு, இல்லை என்று மட்டுமே பேசும். எந்த உறுப்பு எவ்வளவு பங்கு என்று இதனிடம் சதவீதம் கேட்காதீர்கள்.

படி 6: இதே விளைவுக்கு வேறு கூட்டுகளைத் தேடுங்கள்

நடந்த கூட்டில் ஏதாவது ஓர் உறுப்பை உடைத்தால் அந்தக் கூட்டு செத்துவிடும். எது மலிவோ அதை உடைக்கலாம், அலகைச் சரிசெய்வது மிக மலிவு. ஆனால் சூத்திரத்தில் “அல்லது” என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்த விபத்து அந்தச் சொல்லுக்குப் பின்னாலிருந்து வரும். ஆகவே கடைசிப் படியில் நடந்த கூட்டை மூடி வைத்துவிட்டு, இதே குழு இதே முடிவை வேறு எந்த வழியில் அடையும் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரே உறுப்பு பல கூட்டுகளில் தலைகாட்டும். அதை உடைப்பதுதான் அதிகப் பலன் தரும்.

இது நிஜத்திலும் நடந்தது. ஆர்பிட்டரின் ஜோடிக் கலமான மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பர் 3-இல் செவ்வாயில் இறங்கப் போய்க் காணாமல் போனது. இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதி அதில் இல்லாததால், விசாரணையால் மிகச் சாத்தியமான காரணம் என்றுதான் சொல்ல முடிந்தது. அலகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால்கள் விரியும் அதிர்வில், தரை தொட்டுவிட்டோம் என்ற பொய்ச் சிக்னல் ஒரு கணம் எழும். நிரல் அந்தக் கணத்தை நினைவில் வைத்துக்கொண்டது. சுமார் 40 மீட்டர் உயரத்தில் தரைச் சிக்னலைப் பார்க்கும் வேலை தொடங்கியதும், கால் தரையில் இருப்பதாக எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டது. கால் விரியும் சோதனையை முன்பே தரையில் செய்திருந்தார்கள். அப்போது சென்சார் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன, அதனால் பொய்ச் சிக்னல் தெரியவில்லை. வயரைச் சரிசெய்தபின் அந்தச் சோதனையை மறுபடி ஓட்டவில்லை.

இரண்டு கூட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பவுண்டு இதில் இல்லை, ஒற்றைத் தகடும் இல்லை. முழுமையாக ஓட்டாத சோதனை மட்டும் இரண்டிலும் இருக்கிறது.